முதல் வரி: கேள்வியா, அடித்துச் சொல்வதா

தொழில்நுட்ப விஷயம் ஒன்றை எழுதவோ பேசவோ தொடங்கும்போது முதல் வரிக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் கண்ணில் படும். வாசகரிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம், அல்லது அவர் நிமிர்ந்து பார்க்கும்படி ஒன்றை அடித்துச் சொல்லலாம். எது நல்லது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். கேள்வி கேட்டால்தான் ஆட்கள் யோசிப்பார்கள் என்பார் ஒருவர். உறுதியாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தொழில்நுட்ப எழுத்தில் முதல் வரி என்பது வாசகரிடம் வாங்கும் கடன். கேள்வி கேட்டால் பதில் கொடுக்க வேண்டும், அடித்துச் சொன்னால் ஆதாரம் கொடுக்க வேண்டும். நம் கையில் இருக்கும் விஷயத்தை வைத்து எந்தக் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம், அதுவும் எந்த வாசகருக்கு என்று பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

இதைப் பொதுப்படையாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஒரே விஷயத்தை எடுத்து இரண்டு விதமாகவும் தொடங்கிப் பார்ப்போம். கொழும்பில் மென்பொருள் எழுதும் யாருக்கும் பக்கத்தில் இருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது: நம்முடைய கடிகாரம்.

முதலில் விஷயம்

இலங்கை நேரம் இன்று உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996-ல் மழை பொய்த்து, நீர்மின் உற்பத்தி விழுந்து, மின்வெட்டு நாட்டை வாட்டியபோது, பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஐந்தரை ஆறரையானது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்னே எடுத்து ஆறாக்கினார்கள். அந்த ஆறு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நிலைத்தது. 2006-ல் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 15 அன்று, மறுபடியும் ஐந்தரைக்கு வந்தோம்.

மனிதர்கள் இதை மறந்திருக்கலாம், கணினிகள் மறக்கவில்லை. உலக நாடுகளின் நேர மாற்றங்களையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் நேர வலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்ட், ஜாவா, பைத்தன் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் `Asia/Colombo` என்ற பெயரின் கீழ் மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் எந்த நிமிடத்தில் நடந்தன என்பது வரை இருக்கிறது.

இதிலிருந்து ஒரு மென்பொருள் பிழை, ஒரு பக் பிறக்கிறது. பிறந்த திகதியைச் சில மென்பொருள்கள் வெறும் திகதியாகச் சேமிப்பதில்லை, அன்றைய நள்ளிரவு 12 மணி என்ற நேரமாகச் சேமிக்கின்றன. சேமிக்கும் பகுதி `Asia/Colombo` என்ற பெயரைப் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரும்ப வாசிக்கும் பகுதியை எழுதிய வேறொருவர், இலங்கை என்றால் ஐந்தரைதானே என்று `+05:30` என்று நிலையாகப் போட்டுவிட்டார். 2000 மார்ச் 10-ல் பிறந்த ஒருவரின் பதிவு என்ன ஆகும் என்று பைத்தனில் பார்க்கலாம்:

```python
from datetime import datetime, timedelta, timezone
from zoneinfo import ZoneInfo

d = datetime(2000, 3, 10, tzinfo=ZoneInfo("Asia/Colombo"))
print(d.astimezone(timezone(timedelta(hours=5, minutes=30))))
# 2000-03-09 23:30:00+05:30
```

அன்று நம் கடிகாரம் உலக நேரத்தைவிட ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. ஆகவே மார்ச் 10 நள்ளிரவு என்பது உலக நேரத்தில் மார்ச் 9 மாலை 6 மணி. அதோடு ஐந்தரையைக் கூட்டினால் மார்ச் 9 இரவு பதினொன்றரைதான் வரும். அரை மணித்தியாலம் காணாமல் போனதில் ஒரு நாளே முந்திவிட்டது. 1990-ல் பிறந்தவருக்கு இது நடக்காது. 2010-ல் பிறந்தவருக்கும் நடக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை விட்டுவிட்டால், 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். சோதித்துப் பார்க்கும்போது 1990 ஜனவரி 1 என்று கை தன்பாட்டில் தட்டிவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த பக் கண்ணில் படவே படாது.

தீர்வு சின்னது. பிறந்த திகதிக்கு நேரமே தேவையில்லை, டேட்டாபேஸில் `DATE` வகையில் வைத்தால் போதும். நேரம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில், பழைய திகதிகளும் வரக்கூடும் என்றால், `+05:30` என்று எண்ணாக எழுதாமல் `Asia/Colombo` என்று பெயராக எழுத வேண்டும்.

சரி, சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதற்கு முதல் வரி என்ன?

கேள்வியாகத் தொடங்கினால்

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் இதைப் பற்றி வெள்ளவத்தையில் மாணவர்களுக்குத் தமிழில் பேசத் தயாரானார். அவர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரி: “நேர வலயம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?”

“இதில் என்ன பிழை, அண்ணா? கேள்விதானே?”

கேள்விதான். ஆனால் தெரியும் என்றோ தெரியாது என்றோ ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற கேள்வி. தெரியும் என்பவருக்கு மேலே கேட்கக் காரணமில்லை. தெரியாது என்பவருக்கோ, தெரியாததால் என்ன கெட்டுவிட்டது என்பதே விளங்கவில்லை. ‘தெரியுமா, முடியுமா, சரியா’ என்று முடியும் கேள்விகளில் அநேகம் இப்படித்தான் விழுந்துவிடுகின்றன. பிரித்தானியாவின் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் இயன் பெட்டரிட்ஜ் 2009-ல் சொன்ன ஒரு கருத்து அவர் பெயராலேயே இன்று விதியாகச் சொல்லப்படுகிறது: கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம். அவர் செய்தித் தலைப்புகளை நினைத்துச் சொன்னார். தொழில்நுட்பக் கட்டுரையின் முதல் வரிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

அடுத்ததாகத் தம்பி எழுதியது இன்னும் நெருங்கி வந்தது: “பிறந்த திகதி ஏன் ஒரு நாள் முந்திக் காட்டுகிறது?” இப்போது ஓர் அறிகுறி இருக்கிறது, காரணம் கேட்கப்படுகிறது. ஆனால் இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறு. கொஞ்சம் அனுபவமுள்ள டெவலப்பரிடம் இதைக் கேட்டால், கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிடும்: “உலக நேரத்துக்கு மாற்றியிருப்பீர்கள்.” அவர் சொல்வதும் உண்மையான ஒரு பக்தான். ஜாவாஸ்கிரிப்டில் கொழும்பு நள்ளிரவை `toISOString()` என்று எழுதினால் எந்த ஆண்டாக இருந்தாலும் முந்தைய நாளின் திகதிதான் வரும். ஆனால் நாம் பேசவந்த பக் அதுவல்ல. கேட்டவர் தனக்கு விடை தெரியும் என்று நினைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துவிடுவார். கேள்வித் தொடக்கம் தோற்பது இப்படியும் நடக்கும். ஆர்வம் வந்துவிடும், ஆனால் அது நம்மிடம் வருமுன்னரே பிழையான பதிலோடு தணிந்துவிடும்.

ஆகவே கேள்வியை இறுக்க வேண்டும். “1990-ல் பிறந்தவரின் திகதி சரியாக வருகிறது, 2010-ல் பிறந்தவருடையதும் சரி. 2000-ல் பிறந்தவருடையது மட்டும் ஒரு நாள் முந்துகிறது. ஏன்?”

இந்த வடிவத்தில் அனுபவசாலியின் கைவசம் இருந்த பதில் அடைபட்டுவிட்டது. உலக நேரத்துக்கு மாற்றியதால் வந்த வினை என்றால் மூன்று பேருக்கும்தானே முந்த வேண்டும்? இந்த ‘அப்படியென்றால்…’ வந்த பிறகு அவர் எழுந்து போகமாட்டார். தொழில்நுட்பக் கேள்விக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: துறை தெரிந்த ஒருவருக்கு முதலில் தோன்றும் பதில் எது என்று கண்டுபிடி, அந்தப் பதில் ஏன் பொருந்தாது என்பதைக் கேள்விக்குள்ளேயே வை. அதைச் செய்யும்போது கேள்வி ஒரு வரியிலிருந்து மூன்று வரியாக நீண்டாலும் பரவாயில்லை. ஒற்றை வரியாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஆனால் இதே கேள்வியை டேட்டாபேஸையே தொட்டிராத முதலாமாண்டு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டுகளைச் சொல்கிறோம், மூன்றும் அவருக்கு ஒன்றுதான். எது நடந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அவரிடம் இல்லை, பிறகு எது பிசகியது என்று எப்படி உறுத்தும்? ஆர்வத்தைப் பற்றி 1994-ல் ஜோர்ஜ் லோவன்ஸ்டீன் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த இடத்தைச் சரியாகத் தொடுகிறது. தனக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஒருவர் உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்பது அவர் வாதம். இடைவெளி தெரிய வேண்டுமானால் அதன் கரைகளில் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் கேள்வி கேட்டால் ஆர்வம் வராது, பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்த உணர்வுதான் வரும்.

அடித்துச் சொல்லித் தொடங்கினால்

அதனால் தம்பி மறுபக்கம் திரும்பினார். “உங்கள் நிரலில் `+05:30` என்று இருந்தால் அது பிழை.”

வீச்சு இருக்கிறது. ஆனால் இது நிற்காது. இன்று நடந்த ஒரு விற்பனைக்கு, நேற்று வந்த ஒரு செய்திக்கு `+05:30` சரியாகவே வேலை செய்யும். மண்டபத்தில் இருக்கும் யாராவது ஒருவர் தான் எழுதிய செயலி எந்தக் குறையும் இல்லாமல் ஓடுவதை நினைத்துப் பார்ப்பார், சொல்பவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டுவார். அதற்குப் பிறகு சொல்லப்படும் உண்மைகளையும் அவர் தள்ளுபடி செய்துதான் கேட்பார். தொழில்நுட்ப வாசகரிடம் மிகைக்குக் கிடைக்கும் தண்டனை இது. அவர் கையில் எப்போதும் ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது.

அடுத்தது எனக்கே மிகவும் பிடித்துப்போன வரி: “இலங்கையில் 1996 மே 25 நள்ளிரவு 12 மணி வரவே இல்லை.”

மே 24 இரவு 11 மணி 59 நிமிடம் 59 விநாடிக்குப் பிறகு அடுத்த விநாடி மே 25 அதிகாலை 1 மணி. நடுவில் ஒரு மணித்தியாலம் கடிகாரத்தில் இல்லை. இரண்டே வாக்கியத்தில் ஆதாரம் முடிந்துவிட்டது. கேட்பவர் வியக்கிறார், வியப்பு அடங்குமுன் விளக்கமும் கையில் இருக்கிறது. அடித்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது என்றுதான் தோன்றும்.

ஆனால் அதில் ஒரு சொல் பிழை. 1996-ல் செய்த நேர மாற்றத்தைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே நாட்டுக்குள் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு ஓடிய காலம் அது. தமிழில் பேசும்போது மண்டபத்தில் வன்னியிலிருந்து வந்தவர் ஒருவராவது இருப்பார், அவரோ அவருடைய பெற்றோரோ அந்த நள்ளிரவு 12 மணியைக் கடந்தே வந்திருப்பார்கள். ‘இலங்கையில்’ என்று அடித்துச் சொன்னால் அவர்களுடைய கடிகாரத்தையே இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். ‘கொழும்பில்’ என்று மாற்றினால் வரி உண்மையாகிறது, கூர்மையும் குறையவில்லை. எனக்கு இது வெறும் நுணுக்கத் திருத்தமாகப் படவில்லை. எல்லை குறித்த கூற்று பலவீனமான கூற்று என்று பலர் நினைக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் எதிர்மாறு: எங்கே, எப்போது, எந்தப் பதிப்பில் என்று உள்ளேயே சொல்லிவிடும் கூற்றை அசைப்பது கடினம், ஆகவே அதை எவ்வளவு பலமாகவும் அடித்துச் சொல்லலாம்.

எல்லையைத் தலைப்பில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1968 மார்ச்சில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கணினி அறிஞர்களின் சங்க இதழுக்கு நிரலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவச் செய்யும் கோ டூ கட்டளையை எதிர்த்து எழுதியது கடிதமாக வெளிவந்தது. அவர் வைத்த தலைப்பு அடக்கமானது, ‘கோ டூ கட்டளைக்கு எதிரான ஒரு வாதம்’ என்ற பொருளில். இதழாசிரியராக இருந்த நிக்லாஸ் வேர்த் அதை ‘கோ டூ கட்டளை தீங்கானது எனக் கருதப்படுகிறது’ என்ற பொருள்படும் தலைப்பாக மாற்றினார். கடிதத்துக்குள்ளே டைக்ஸ்ட்ரா எல்லை போட்டிருக்கிறார்: உயர்நிலை மொழிகளில்தான் இதை ஒழிக்க வேண்டும், இயந்திர மொழியை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்கிறார். தலைப்பில் அந்த எல்லை இல்லை. தலைப்பு உலகம் முழுக்கப் பரவியது, எல்லை பரவவில்லை. 1974-ல் டொனால்ட் க்னூத் கோ டூ எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று பிரித்துப் பிரித்து நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 1987-ல் அதே இதழில், தலைப்பையே திருப்பிப் போட்டு மறுப்புக் கடிதம் ஒன்று வந்தது. அந்தத் தலைப்பு இல்லாவிட்டால் டைக்ஸ்ட்ராவின் வாதம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதும் உண்மைதான். அடித்துச் சொல்வதன் இலாபமும் நட்டமும் சேர்ந்தே வந்த சந்தர்ப்பம் அது.

நம் நள்ளிரவுக்குத் திரும்புவோம். ‘கொழும்பில்’ என்று திருத்திய பிறகும் அந்த வரியில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. உண்மை, வியப்பு, ஆதாரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் அது நாம் பேசவந்த பக் அல்ல! காணாமல் போன அந்த ஒரு மணித்தியாலத்தால் பாதிக்கப்படுவது அந்த ஒரே ஒரு திகதி. பக் கடிப்பதோ பத்து ஆண்டுகளில் பிறந்த அத்தனை பேரையும். விஷயத்தின் ஓரத்திலிருந்து பிடித்த பளபளப்பான வரி இது. இப்படித் தொடங்கினால், ‘அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு’ என்று மூன்றாவது பந்தியில் திரும்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பத்தில் ஆட்களை இழப்போம். எழுதுபவருக்கு மிகவும் பிடித்துப்போகும் தொடக்கங்களில் இந்தக் குறை அடிக்கடி இருக்கிறது, ஏனென்றால் விசித்திரமான உண்மைகள் பெரும்பாலும் விஷயத்தின் விளிம்பில்தான் கிடக்கின்றன.

கடைசியில் வந்து நின்ற வரி மிகச் சாதாரணமானது: “2000-ஆம் ஆண்டில் கொழும்பு நேரம் `+05:30` அல்ல.”

இதில் ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, கேட்பவர் தினமும் தட்டச்சு செய்யும் அதே எண் இருக்கிறது. அடுத்த வரியிலேயே ‘`+06:00`’ என்று சொல்லி, மேலே கொடுத்த நான்கு வரி நிரலைத் திரையில் ஓடவிட்டால் பக் தானாகவே வெளியே வந்து நிற்கும். கூற்றிலிருந்து பக் வரை ஒரே நேர்கோடு.

யார் முன்னால் நிற்கிறோம்

இப்போது கையில் இரண்டு நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. ஒன்று மூன்று பிறந்த திகதிகளைப் பற்றிய கேள்வி, மற்றது 2000-ஆம் ஆண்டைப் பற்றிய கூற்று. இரண்டும் ஒரே நிரலுக்குத்தான் இட்டுச் செல்கின்றன. தெரிவை முடிவுசெய்வது முன்னால் இருப்பவரின் வயது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் நிலைமை.

நாற்பது வயதைத் தாண்டிய கொழும்பு டெவலப்பருக்கு நேரம் மாறிய கதை தெரியும். காலையில் இருட்டோடு பாடசாலைக்குப் போனது அவருக்கு நினைவிருக்கலாம். அவரிடம் போய் 2000-ல் நேரம் `+05:30` அல்ல என்று அடித்துச் சொன்னால், ‘ஓம், தெரியுமே’ என்பார். கூற்றின் பலம் முழுவதும் போயிற்று. ஆனால் அதே மனிதரிடம் மூன்று திகதிகளின் கேள்வியைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் முழிப்பார், அப்புறம் முகம் மாறும். நேரம் மாறியது தெரியும், டேட்டாபேஸும் தெரியும், இரண்டையும் சேர்த்து ஒருபோதும் நினைத்ததில்லை. லோவன்ஸ்டீன் சொன்ன இடைவெளி இவரிடம்தான் சரியான அகலத்தில் இருக்கிறது. பதிலை அவரே கண்டுபிடிக்கவும் கூடும், அப்படிக் கண்டுபிடித்தவர் அந்த பக்கை மறக்கமாட்டார்.

இருபது வயது மாணவருக்கு இரண்டும் தலைகீழ். நேரம் எப்போதாவது மாறியது என்பதே அவருக்குச் செய்தி. கடிகாரம் என்பது மலையைப் போல மாறாத ஒன்று என்று நம்பியிருப்பவர் அவர், அந்த நம்பிக்கையை நேராகத் தொடுவது கூற்றுதான். ஆகவே வெள்ளவத்தையில் மாணவர்களுக்கு நான் பரிந்துரைத்தது கூற்றை. அதே பேச்சை எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் முன்னால் செய்வதானால் கேள்வியை எடுத்திருப்பேன்.

வேறு விஷயங்களுக்கு இதைக் கொண்டுபோகும்போது வயதை மறந்துவிடுங்கள். கேட்க வேண்டியது இது: வாசகர் இந்த விஷயத்தில் பிழையான ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறாரா, அல்லது துண்டு துண்டாகச் சரியாகத் தெரிந்தும் சேர்த்துப் பார்க்காமல் இருக்கிறாரா? முதலாமவருக்குக் கூற்று. இரண்டாமவருக்குக் கேள்வி. ஒரு பக்கின் காரணத்தைத் தேடிப்போகும் எழுத்துகள் அநேகமாக இரண்டாவது வகையில் விழும். ‘இதை இப்படிச் செய்யாதே, அப்படிச் செய்’ என்று ஒரு பழக்கத்தை மாற்ற வரும் எழுத்துகள் முதலாவதில் விழும். இரண்டு வகையினரும் கலந்திருக்கும் கூட்டமென்றால் நான் கூற்றின் பக்கமே சாய்வேன். விடை தெரிந்தவருக்குக் கூற்று சலிப்பூட்டினாலும் ஒரு வரியோடு கடந்துவிடும். விளங்காத கேள்வி, விடை சொல்லப்படும் வரை புதியவரை வெளியே நிறுத்தி வைக்கும்.

தமிழ் வாக்கியத்தில் இறங்கும்போது

தமிழில் வினை கடைசியில் வருவதால், கூற்றின் அடி விழுவது வாக்கியத்தின் முடிவில்தான். ‘1996-ல் மின்சார நெருக்கடி காரணமாக அரசு எடுத்த முடிவால் ஏற்பட்ட நேர மாற்றங்களைக் கருத்தில் கொள்ளும்போது, 2000-ஆம் ஆண்டில் கொழும்பு நேரம் `+05:30` அல்ல’ என்று எழுதினால், அடி விழுமுன் வாசகர் களைத்துவிடுவார். காரணத்தையெல்லாம் முன்னால் அடுக்கும் ஆசையை அடக்கி, இடம், காலம், மறுப்பு என்று மட்டும் வைத்து நிறுத்த வேண்டும். காரணம் அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும்.

கேள்விக்கு இந்தச் சிக்கல் குறைவு. நிலைமையை ஒன்றிரண்டு சிறு வாக்கியங்களாகச் சொல்லிவிட்டு ‘ஏன்?’ என்று தனியாக நிறுத்தலாம், தமிழில் அது மிக இயல்பாக வரும். எல்லாவற்றையும் ஒரே கேள்வி வாக்கியத்துக்குள் திணித்தால்தான் மூச்சு முட்டும்.

மேடையில் ஒரு வேறுபாடு உண்டு. கேள்வி கேட்டுவிட்டு உடனே பதிலைச் சொல்லிவிடும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். அது கேள்வியே அல்ல. கேட்ட பிறகு நிற்க வேண்டும். நம் மாணவர்கள் கையை உயர்த்தத் தயங்குவார்கள் என்பதால் அந்த மௌனம் நீளும், அது பேச்சாளரைப் பயமுறுத்தும். மூன்று பதிவுகளையும் திரையில் காட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் கதையுங்கள் என்று சொன்னால் மௌனம் பயனுள்ள நேரமாக மாறும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க முடியாத அளவுக்குப் பேச்சு குறுகியது என்றால் கூற்றோடு தொடங்குவதே மேல்.

இரண்டையும் சேர்த்தால்?

தம்பி கடைசியாகக் கேட்டது இது. “கூற்றைச் சொல்லிவிட்டு, ‘ஏன் தெரியுமா?’ என்று கேட்டால் இரண்டும் கிடைக்குமே, அண்ணா?”

கிடைக்காது. ‘2000-ஆம் ஆண்டில் கொழும்பு நேரம் `+05:30` அல்ல’ என்று கேட்டவுடன் ‘ஏன்?’ என்பது கேட்பவர் மனதில் தானாகவே எழுகிறது. அதை நாம் வாய்விட்டுச் சொல்வது அவர் செய்யவிருந்த வேலையைப் பறிப்பது. மறுபக்கம், நல்ல கேள்விக்குப் பின்னால் உடனே அதிரடியான கூற்றைப் போட்டால் விடை அவசரமாக வெளியே கொட்டிவிடும். ஒன்றைத் தெரிவுசெய்து, மற்றது விஷயத்துக்குள்ளே தன் இடத்தில் வரட்டும் என்று விட வேண்டும். மாணவர்களுக்கான அந்தப் பேச்சில், கூற்றும் நிரலும் முடிந்த பிறகு, நடுப்பகுதியில், ‘அப்படியானால் இது யாரையெல்லாம் பாதிக்கும், யாரைப் பாதிக்காது?’ என்று கேட்டார். அதற்குள் மாணவர்கள் கையில் தேவையான துண்டுகள் எல்லாம் இருந்தன, கேள்விக்கு அப்போது உயிர் வந்தது.

எழுதி முடித்த தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, முதல் வரியை மட்டும் துறை தெரிந்த ஒருவரிடம் காட்டி, ‘அடுத்து என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பது. கேள்வித் தொடக்கம் என்றால் அவர் ஒரு விடையை ஊகிப்பார். அந்த ஊகம் சரியாக இருந்தால் கேள்வி மிக எளிது, அவர் ஊகிக்கவே முயலவில்லை என்றால் மிகத் தூரம். கூற்றுத் தொடக்கம் என்றால் அவர் ஓர் எதிர் உதாரணத்தைத் தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் எல்லை விடுபட்டிருக்கிறது. எதையும் தேடாமல் தலையாட்டினால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அடித்துச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டுமே வேண்டாத எழுத்தும் உண்டு. அந்த பக் ஒரு நாள் உண்மையிலேயே கிளம்பி, வாடிக்கையாளர்களின் திகதிகள் மாறிப்போய், நடந்தது என்ன என்று அறிக்கை எழுத வேண்டி வந்தால், வாசிப்பவர் ஏற்கெனவே பதற்றத்தோடு வந்திருப்பார். அங்கே முதல் வரியில் எத்தனை பதிவுகள் பாதிக்கப்பட்டன, எப்போதிலிருந்து, இப்போது சரியாகிவிட்டதா என்பது மட்டும் இருக்க வேண்டும். 1996-ன் கதை இரண்டாம் பக்கத்துக்குப் போதும்.